தேர்வுக்கு வராத மாணவனுக்கு A கொடுக்கும் கோப்புகள்

ஆண்டு இறுதி நெருங்கினால் ஆசிரியர் வாட்சாப் குழுக்களில் ஒரு கோப்பு கைமாறத் தொடங்கும். யார் முதலில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. எக்செல் கோப்பு, இரண்டு ஷீட். ஒன்றில் வகுப்பின் புள்ளிப் பட்டியல், மற்றொன்றில் அழகான எல்லைக் கோடுகளும் பள்ளிச் சின்னம் வைக்க இடமும் கொண்ட தேர்ச்சி அறிக்கை, மாணவருக்கு ஒரு பக்கம். 'புள்ளியைப் போட்டாலே போதும், எல்லாம் தானா வந்துடும்' என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கும்.

இப்படிப்பட்ட கோப்புகளை விமர்சிப்பதுதான் இந்தக் கட்டுரை. எழுத்துரு எப்படி, நிறம் எப்படி என்பதை விட்டுவிடலாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் அந்தத் தாளில் இருக்கிற எண், அந்தப் பிள்ளையின் எண்தானா என்பதுதான் என் கேள்வி. பல கோப்புகள் முதல் பக்கத்தில் சரியாக இருக்கும். தப்பு பதினேழாவது பக்கத்தில் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்வோம். படிவம் 2, 35 மாணவர்கள். `Markah` என்ற ஷீட்டில் முதல் வரி தலைப்பு, 2 முதல் 36 வரையிலான வரிகளில் மாணவர்கள். `A` நெடுவரிசையில் எண், `B`-யில் பெயர், `C` முதல் `J` வரை எட்டுப் பாடங்கள். `Slip` என்ற ஷீட்டில் அறிக்கை. ஒரு மாணவருக்கு 20 வரி கொண்ட ஒரு பிளாக். முதல் பிளாக் 1 முதல் 20 வரை, இரண்டாவது 21 முதல் 40 வரை, கடைசிப் பிளாக் 700-ஆவது வரியில் முடியும்.

கைமாறும் கோப்புகளில் மிக எளிமையான வகை, முதல் பிளாக்கில் பெயர் வர வேண்டிய இடத்தில் `=Markah!B2` என்று எழுதியிருக்கும். முதல் பக்கத்தில் முதல் மாணவர் பெயர் சரியாக வந்துவிடும். பிறகு பிளாக்கைக் காப்பி செய்து 21-ஆவது வரியில் ஒட்டுவோம். இரண்டாவது மாணவர் வருவார் என்று நினைக்கிறோம். வருபவர் 21-ஆவது மாணவர். காரணம் எளிது: நாம் ஒட்டிய இடம் 20 வரி கீழே, அதனால் எக்செலும் முகவரியை 20 வரி கீழே தள்ளி `=Markah!B22` என்று மாற்றிவிடுகிறது. மூன்றாவது பிளாக் `B42`-ஐத் தேடும். அங்கே யாரும் இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 0 வரும்.

இதைக் கண்டதும் பலர் செய்வது, ஒவ்வொரு பிளாக்கிலும் கையால் எண்ணைத் திருத்துவது. ஒரு பிளாக்கில் பெயர் ஒன்று, பாடம் எட்டு என்றாலே ஒன்பது முகவரி. முதல் பிளாக் போக மிச்சம் 34 பிளாக்குக்கு 306 திருத்தம். இதில் ஒன்று தவறினாலும் கோப்பு எந்த எச்சரிக்கையும் தராது. பதினேழாவது மாணவரின் அறிவியல் கட்டத்தில் பதினாறாவது மாணவரின் புள்ளி உட்கார்ந்திருக்கும், அதுவும் நம்பும்படியான ஒரு புள்ளியாக. 64-க்குப் பதில் 58 வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆகவே கோப்பை வாங்கியதும் இரண்டாவது பிளாக்கில் ஒரு கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். `=Markah!B3` என்று வெறும் முகவரி தெரிந்தால், யாரோ கையால் திருத்திய கோப்பு அது. அதை நான் பயன்படுத்த மாட்டேன்.

அடுத்த வகை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு பிளாக்கிலும் மாணவர் பெயரை வைத்து `VLOOKUP` மூலம் புள்ளியைத் தேடி எடுக்கும். முகவரி நகரும் பிரச்சினை இதில் இல்லை. ஆனால் பெயரை வைத்துத் தேடுவதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒரே பெயரில் இருவர் இருந்தால் இருவருக்கும் பட்டியலில் முதலில் வருபவரின் புள்ளியே வரும். தகப்பனார் பெயரோடு முழுப் பெயரையும் எழுதினால் இது அபூர்வம்தான், அதற்காக நடக்காது என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஓட்டை பெரிது. இந்தப் பார்முலாவின் கடைசியில் `FALSE` என்று எழுதாமல் விட்டால், பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது என்று எக்செல் தானாக எடுத்துக்கொள்கிறது. நம் பட்டியலோ ஆண், பெண் என்று பிரித்தோ, சேர்ந்த தேதிப்படியோ இருக்கும். அப்போது அது பக்கத்துப் பெயரின் புள்ளியைக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கும். `FALSE` இருந்தால், பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் `#N/A` என்று கத்தும். கத்துகிற தப்பு நல்லது, பிரின்ட் எடுக்கும் முன் திருத்திவிடலாம்.

இப்போது நான் ஏற்றுக்கொள்ளும் முறைக்கு வருகிறேன். இதற்குப் பெரிய கணினி அறிவு எதுவும் வேண்டாம், ஒரு யோசனைதான் வேண்டும். 'இது எத்தனையாவது மாணவரின் பிளாக்' என்ற எண்ணைப் பிளாக்கின் ஒவ்வொரு வரியிலும் எழுதி வைத்துவிடுவது. பெயரும் வேண்டாம், முகவரியும் வேண்டாம்.

`Slip` ஷீட்டில் `A` முதல் `F` வரை அச்சாகும் பகுதி. `G`, `H` இரண்டும் நமக்கு மட்டும். `H1`-இல் 1 என்று தட்டுங்கள். `H2`-இல் `=H1` என்று எழுதி `H20` வரை இழுத்துவிடுங்கள். முதல் பிளாக்கின் இருபது வரியும் இப்போது '1' என்று சொல்லும். பாடங்கள் 5 முதல் 12 வரையிலான வரிகளில் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், `G5` முதல் `G12` வரை 1, 2, 3 என்று 8 வரை பாட எண்ணைத் தட்டுங்கள். பெயருக்கான கட்டம் `B3`, புள்ளிக்கான முதல் கட்டம் `B5`:

```
B3:  =INDEX(Markah!$B$2:$B$36,$H3)
B5:  =INDEX(Markah!$C$2:$J$36,$H5,$G5)
```

முதலாவது, பெயர்ப் பட்டியலில் `H3` சொல்லும் எண்ணிக்கையில் இருப்பவரை எடுக்கிறது. இரண்டாவது, புள்ளி அட்டவணையில் அந்த மாணவரின் வரிக்குப் போய், `G5` சொல்லும் பாடத்தை எடுக்கிறது. `B5`-ஐ `B12` வரை இழுத்துவிடலாம், ஒவ்வொரு வரியும் தன் பக்கத்தில் இருக்கும் எண்ணையே பார்க்கும். `$` குறி எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். `Markah` ஷீட்டின் முகவரிகளில் வரி எண்ணுக்கு முன்னாலும் `$` உண்டு, அதனால் அவை நகராது. `$H5`-இல் எழுத்துக்கு மட்டும்தான் உண்டு, அதனால் பிளாக்கோடு சேர்ந்து கீழே இறங்கும்.

பிளாக்கைப் பெருக்கும்போது ஒரு நுணுக்கம். 1 முதல் 20 வரையிலான வரிகளை இடது ஓரத்து வரி எண்களைப் பிடித்து முழு வரியாகத் தேர்ந்தெடுத்து, 21-இல் ஒட்டுங்கள். கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் வரியின் உயரம் கூட வராது, அப்புறம் ஒவ்வொரு பக்கமும் ஒரு அளவில் நிற்கும். ஒட்டியதும் `H21`-இல் 1 என்றே இருக்கும், ஏனென்றால் நாம் தட்டிய எண் அது. அதை `=H20+1` என்று மாற்றுங்கள். இரண்டாவது பிளாக் முழுவதும் உடனே 2 ஆகிவிடும், இரண்டாவது மாணவரின் பெயரும் புள்ளியும் வந்து நிற்கும். இனி முதல் பிளாக்கைத் தொட வேண்டாம். இரண்டாவது பிளாக்கின் 21 முதல் 40 வரையிலான வரிகளைக் காப்பி செய்து, 41 முதல் 700 வரை தேர்ந்தெடுத்து ஒரே தடவை ஒட்டுங்கள். 660 வரி, இருபதால் மீதியின்றி வகுபடும், ஆகவே எக்செல் 33 பிளாக்குகளையும் தானே நிரப்பும். எல்லாம் சேர்த்து 35.

இங்கேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே இதற்கு அடுத்த கட்டத்தால்தான். தேர்வு நாளன்று காய்ச்சலில் கிடந்த பிள்ளை என்ன ஆகிறான்?

புள்ளிப் பட்டியலில் அவன் கட்டத்தை ஆசிரியர் வெறுமையாக விட்டிருந்தால், மேலே உள்ள பார்முலா அறிக்கையில் 0 என்று காட்டும். வெற்றுக் கட்டத்தைச் சுட்டினால் எக்செல் கொடுக்கும் விடை பூச்சியம், அதன் இயல்பே அப்படி. கோப்பைச் செய்தவர் அதைக் கவனிக்கவில்லை என்றால், தேர்வே எழுதாத பிள்ளை பூச்சியம் வாங்கியதாகப் பெற்றோருக்குப் போகிறது. சராசரியும் விழுகிறது. ஏழு பாடங்களில் மொத்தம் 476 எடுத்தவனின் சராசரி 68. எட்டாவது பாடத்தில் ஒரு 0 சேர்ந்தால் 59.5. அந்தப் பூச்சியத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பள்ளி எடுக்க வேண்டிய முடிவு. அதை ஒரு பார்முலா எடுத்துவிடக் கூடாது.

'அதான் வராதவங்களுக்கு `TH` போடறோமே' என்று சொல்வீர்கள். நல்ல பழக்கம். `TH` என்று தட்டினால் அறிக்கையிலும் `TH` என்றே வரும். `AVERAGE` எழுத்துகளைத் தாண்டிப் போய் ஏழு பாடத்துக்கே சராசரி எடுக்கும். ஆனால் தரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். கைமாறும் கோப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் (A 82-இல் தொடங்கும் அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன்):

```
=IF(B5>=82,"A",IF(B5>=66,"B",IF(B5>=50,"C","D")))
```

`B5`-இல் `TH` இருந்தால் இதன் விடை A. எக்செலில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது. `TH` என்பது 82-ஐ விடப் பெரியது, 1000-ஐ விடவும் பெரியது. ஆகவே தேர்வு அறைக்கே வராத மாணவனுக்கு, `TH` என்பதற்குப் பக்கத்திலேயே பளிச்சென்று ஒரு A. சிரிப்பு வரும், ஆனால் எத்தனை A என்று எண்ணிச் சேர்க்கும் கட்டம் ஒன்று அதே அறிக்கையில் இருந்தால் அந்த எண்ணிக்கையும் கெடும், பரிசளிப்புப் பட்டியல் வரைக்கும் போகும்.

ஆகவே இரண்டு காவல் தேவை. ஒன்று, வெறுமையும் வராமையும் வேறு என்று காட்டுவது. வெற்றுக் கட்டத்தை `TH` என்று தானாக மாற்றும் கோப்புகளையும் பார்த்திருக்கிறேன், அதையும் ஏற்க முடியாது. வெறுமை என்றால் பாட ஆசிரியர் இன்னும் புள்ளி தரவில்லை என்றும் இருக்கலாம். வராதவருக்கு ஆசிரியரே `TH` தட்டட்டும். வெறுமைக்குக் கேள்விக்குறி வரட்டும், பார்த்ததும் கண்ணில் குத்தும்:

```
=IF(INDEX(Markah!$C$2:$J$36,$H5,$G5)="","???",
  INDEX(Markah!$C$2:$J$36,$H5,$G5))
```

இரண்டாவது காவல், எண்ணாக இருந்தால் மட்டுமே தரம் கொடுப்பது. `Gred` என்று ஒரு சின்ன ஷீட் வைத்து, `A2` முதல் `A7` வரை 0, 20, 35, 50, 66, 82 என்று கீழெல்லைகளைக் கீழிருந்து மேலாக எழுதி, `B2` முதல் `B7` வரை F, E, D, C, B, A என்று போடுங்கள். பள்ளியின் அட்டவணை மாறினால் இந்த ஒரு ஷீட்டை மாற்றினால் போதும்.

```
=IF(ISNUMBER(B5),LOOKUP(B5,Gred!$A$2:$A$7,Gred!$B$2:$B$7),"")
```

தரத்தோடு ஒட்டிய இன்னொரு சிறு தகராறு. எட்டுப் பாடத்தில் 653 எடுத்தவரின் சராசரி 81.625. கட்டத்தைத் தசமம் இல்லாமல் காட்டச் சொன்னால் திரையில் 82 என்று தெரியும், உள்ளே 81.625-ஆகவே இருக்கும். அறிக்கையில் 'சராசரி 82, தரம் B' என்று அச்சாகும். அந்த மாணவரின் அம்மா பள்ளிக்கு வந்து கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பள்ளி முழு எண்ணுக்கு மாற்றும் வழக்கம் உள்ளதென்றால் `=ROUND(AVERAGE(B5:B12),0)` என்று உண்மையாகவே மாற்றுங்கள். இல்லையென்றால் தசமத்தைக் காட்டுங்கள். இரண்டில் எது என்றாலும் சரி, தெரிவதும் கணக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

எக்செல் வேண்டாம், வேர்டின் மெயில் மெர்ஜ் போதும் என்பவர்கள் உண்டு. நியாயமான கருத்துதான். ஒரு பக்கத்தை வேர்டில் வடிவமைத்து, `Mailings` பகுதியில் புள்ளிக் கோப்பை இணைத்து, பெயர், பாடம் என்று இடம் குறித்தால், மாணவருக்கு ஒரு பக்கம் தானாக வரும். பிளாக் நகரும் பிரச்சினையே கிடையாது. வகுப்பாசிரியரின் கருத்து நீளமாக இருந்தாலும் வேர்ட் தானே அடுத்த வரிக்கு இடம் விடும். நீண்ட கருத்து எழுதுகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஆனால் இங்கேயும் அதே பிள்ளைதான் அடிபடுகிறான். வேர்ட் எக்செல் கோப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா எழுத்தா என்று முதல் சில வரிகளைப் பார்த்து ஊகிக்கிறது. முதல் சில மாணவர்களுக்கும் எண் இருந்தால் முழுவதும் எண்தான் என்று முடிவு கட்டிவிடும். பிறகு இருபதாவது வரியில் `TH` வந்தால் அதை எண்ணாக எடுக்கத் தெரியாமல் 0 என்றோ வெறுமையாகவோ போட்டுவிடும். எக்செலில் `TH` என்று சரியாகத் தட்டிய ஆசிரியருக்கு இது தெரியவே தெரியாது. இதற்கு வழி, மெயில் மெர்ஜுக்கென்று தனி ஷீட் ஒன்று வைத்து, எல்லாப் புள்ளியையும் எழுத்தாகவே மாற்றிவிடுவது:

```
=IF(Markah!C2="","???",TEXT(Markah!C2,"0"))
```

நெடுவரிசை முழுவதும் எழுத்து என்றால் ஊகிக்க ஒன்றும் இல்லை. சராசரிக்கும் இதே வழியைக் கையாளலாம், `"0"` இருக்கும் இடத்தில் `"0.0"` என்று எழுதினால் போதும். இப்படிச் செய்யாமல் விட்டால், எக்செலில் 68.3 என்று தெரிந்த சராசரி வேர்டில் வால் நீண்டு பத்துப் பதினைந்து தசமத்தோடு வந்து நிற்பதுண்டு. எக்செலில் நாம் செய்த காட்சி அமைப்பு எதுவும் வேர்டுக்குப் போவதில்லை, உள்ளே இருக்கும் எண்தான் போகிறது.

இனி தாளுக்கு வருவோம். எக்செல் முறையில் 'மாணவருக்கு ஒரு பக்கம்' என்பது தானாக நடக்காது. பிளாக் 20 வரி என்பது நமக்குத் தெரியும், பிரின்டருக்குத் தெரியாது. A4 தாளின் உயரம் 842 புள்ளி அளவு (இது எழுத்து அளவிடும் பாயிண்ட், மதிப்பெண் இல்லை). மேலும் கீழும் முக்கால் அங்குல ஓரம் விட்டால் மிச்சம் 734. இருபது வரியின் உயரங்களைக் கூட்டினால் அதற்குள் அடங்க வேண்டும். பத்தொன்பது வரிக்கு 30 வீதமும் கருத்து எழுதும் வரிக்கு 90-உம் கொடுத்தால் 660, வசதியாக அடங்கும். அடுத்து ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் பக்க முறிவு. `Page Layout` பகுதியில் `Breaks` வழியாக 34 தடவை செய்யலாம். அல்லது `Slip` ஷீட்டில் நின்றுகொண்டு `Alt+F11`, பிறகு `Ctrl+G` அழுத்தி, வரும் சிறு சன்னலில் இந்த ஒற்றை வரியை ஒட்டி `Enter` தட்டலாம்:

```
For r = 21 To 681 Step 20: ActiveSheet.HPageBreaks.Add Rows(r): Next
```

அச்சாகும் பகுதியை `A1:F700` என்று குறித்துவிடுங்கள், `G`, `H` எண்கள் தாளில் வராது. இவ்வளவு செய்தும் பக்கங்கள் பிளாக்கோடு பொருந்தாமல் ஓடினால், முதலில் `Page Setup`-இல் `Fit to` தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் நாம் போட்ட முறிவுகளை எக்செல் கண்டுகொள்ளாது. `Adjust to` பக்கம் மாற்றினால் சரியாகும். `Page Break Preview`-இல் பார்த்தால் நாம் போட்ட முறிவு தொடர்கோடாகவும், எக்செல் தானாகப் போட்டது விட்டுவிட்டு வரும் கோடாகவும் தெரியும். விட்டுவிட்ட கோடு ஒன்று பிளாக்கின் நடுவில் ஓடினால் வரிகள் தாளை விட உயரமாகிவிட்டன என்று அர்த்தம்.

தமிழில் கருத்து எழுதுகிற நமக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. கருத்துக்காக `A` முதல் `F` வரை கட்டங்களை இணைத்திருப்போம். இணைத்த கட்டத்தில் எழுத்து கூடினால் வரி தானாக உயராது. திரையில் மூன்று வரியாகத் தெரிந்தது தாளில் நான்கு வரியாக உடைந்து, கடைசி வரி காணாமல் போகும். 'இன்னும் முயன்றால்' என்பதோடு நின்றுபோன கருத்தைப் பெற்றோர் படிப்பார்கள். `LEN` வைத்து நீளத்தைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அது எண்ணுவது நம் எழுத்தை அல்ல. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, `LEN` ஐந்து என்று சொல்லும், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. ஆகவே வகுப்பிலேயே மிக நீண்ட கருத்துள்ள மாணவரின் பக்கத்தை முதலில் ஒரு தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அது அடங்கினால் மற்றவை அடங்கும்.

எந்தக் கோப்பாக இருந்தாலும், நாமே செய்ததாக இருந்தாலும், உண்மைப் புள்ளி போடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கோப்பை நகலெடுத்து, அந்த நகலில் `C2` முதல் `J36` வரை எல்லாக் கட்டத்திலும் இதைப் போடுங்கள்:

```
=(ROW()-1)+COLUMN()/100
```

ஒவ்வொரு புள்ளியும் இப்போது தன் விலாசத்தைத் தானே சொல்லும். 7.03 என்றால் ஏழாவது மாணவர், மூன்றாவது நெடுவரிசை, அதாவது முதல் பாடம். `Slip` ஷீட்டில் புள்ளிக் கட்டங்களை இரண்டு தசமம் காட்டச் செய்துவிட்டு நகர்த்திக்கொண்டே போங்கள். ஏழாவது பிளாக்கில் 7.03 முதல் 7.10 வரை வரிசையாக வர வேண்டும். கடைசிப் பிளாக்கின் கடைசிப் பாடம் 35.10. வேறு எண் எங்கே வந்தாலும் அந்த இடத்தில் கோப்பு பழுது. பிறகு ஒரு கட்டத்தில் `TH` தட்டுங்கள், இன்னொன்றை அழித்துவிடுங்கள். `TH`-க்குப் பக்கத்தில் தரம் வெறுமையாகவும், அழித்த இடத்தில் கேள்விக்குறியும் வந்தால் கோப்பு தேறிவிட்டது. மொத்தம் பத்து நிமிட வேலை.

தேர்வு எழுதும் மாணவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. உங்கள் அறிக்கை கையில் வந்ததும் பாடப் புள்ளிகளைக் கூட்டி, எழுதிய பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வராத பாடம் இருந்தால் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியாக, அச்சிட்ட அன்றே `Slip` ஷீட்டை PDF ஆகவும் சேமித்து, தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டு வையுங்கள். எக்செல் கோப்பு உயிரோடு இருக்கும் கோப்பு. இரண்டு வாரம் கழித்து யாரோ பட்டியலில் ஒரு புள்ளியைத் திருத்தினாலோ, `Markah` ஷீட்டில் ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினாலோ, எல்லாப் பிளாக்கும் கூடவே மாறிவிடும். அறிக்கையைத் தொலைத்துவிட்டு இன்னொன்று கேட்டு வரும் மாணவருக்கு, பெற்றோர் கையெழுத்திட்ட அதே பக்கத்தை அந்த PDF-இலிருந்துதான் எடுத்துத் தர முடியும்.